பணம் போயிற்று, சந்தா வரவில்லை: யாரிடம் போவது?

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். மகள் படிக்கிற செயலிக்கு மாதச் சந்தா 399 ரூபாய், யுபிஐ ஆட்டோபேயில் போகிறது. நேற்றுக் காலையில் வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. செயலியைத் திறந்தால் 'பணம் செலுத்தப்படவில்லை' என்கிறது. செயலிக்காரர்களிடம் கேட்டால் பிளே ஸ்டோரைக் கேளுங்கள் என்கிறார்கள், வங்கியில் கேட்டால் செயலிக்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள். நான் யாரிடம்தான் போவது?"

தம்பி, மூன்று வாசலில் எந்த வாசலைத் தட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால், பணம் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அது நிற்கிற இடத்துக்காரர்தான் பதில் சொல்ல முடியும். மற்ற இருவரும் உங்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று தோன்றும். பாதி நேரம் அவர்கள் சொல்வது உண்மை, அவர்கள் கணினியில் காட்ட எதுவும் இருக்காது. ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது மாலை நேரங்களில் வண்ணார்பேட்டையில் மைத்துனரின் கைபேசிக் கடையில் உட்காருகிறேன். அங்கேயும் இதே கேள்விதான் வருகிறது.

முதலில் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களில், எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த முன்னறிவிப்பிலும் செயலியின் பெயர் இருக்கும், 399 ரூபாய் இருக்கும், தேதி இருக்கும். "எடுக்கப்படும்" என்பதை "எடுக்கப்பட்டது" என்று அவசரத்தில் படித்துவிட்டு, போகாத பணத்தைத் தேடி வந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாமல், வங்கிச் செயலியில் கணக்கு விவரத்தைத் திறந்து அந்தத் தேதியில் 399 பற்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியிலேயே 12 இலக்க எண் ஒன்று இருக்கும். யுடிஆர் என்பார்கள், ஆர்ஆர்என் என்பார்கள், யுபிஐ செயலியில் பரிவர்த்தனை எண் என்றிருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வங்கியில் உங்கள் பணத்துக்குப் பெயர் அதுதான்.

அடுத்தது கடையின், அதாவது பிளே ஸ்டோரின், ரசீது. இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படம் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, `Payments & subscriptions`, அதற்குள் `Budget & history` என்று போங்கள். நேற்றைய தேதியில் 399 அங்கே இருந்தால், கடை பணத்தைப் பெற்றுக்கொண்டது என்று பொருள். மின்னஞ்சலிலும் ரசீது வந்திருக்கும். அதில் உள்ள எண் இந்த வடிவத்தில் இருக்கும்:

```
GPA.1234-5678-9012-34567..2
```

கடைசியில் இரண்டு புள்ளிக்குப் பின்னால் நிற்கும் எண்ணைக் கவனியுங்கள். சந்தாவுக்கு முதல் முறை பணம் கட்டியபோது அந்த வால் இருக்காது. முதல் புதுப்பிப்புக்கு ..0, இரண்டாவதற்கு ..1, மூன்றாவதற்கு ..2 என்று ஏறிக்கொண்டே போகும். எந்த மாதத்துப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இந்த ஒற்றை எண்ணில் தெரிந்துவிடும். சென்ற மாத ரசீதைக் காட்டி இந்த மாதத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. வாலைப் பார்த்தால் அது நடக்காது.

இப்போது 12 இலக்க எண் ஒரு கையில், ரசீது இருக்கிறதா இல்லையா என்ற விடை மறு கையில். வழி இங்கே பிரிகிறது.

வங்கியில் பற்று இருக்கிறது, பிளே ஸ்டோரில் ரசீதும் இருக்கிறது என்றால் வங்கியை மறந்துவிடுங்கள். வங்கியின் வேலை முடிந்தது, கடையின் வேலையும் பாதிக்கு மேல் முடிந்தது. கடையிலிருந்து "இவர் கட்டிவிட்டார்" என்ற செய்தி செயலியின் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது போன செய்தி வேறொரு கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் ஒரு கைபேசியில் அப்பாவின் ஜிமெயிலும் மகளின் ஜிமெயிலும் இரண்டும் இருக்கும். சந்தா எப்போதும் பிளே ஸ்டோரில் எந்தக் கணக்கு திறந்திருந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் சொந்தம். பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பிளே ஸ்டோரில் வட்டத்தைத் தொட்டால் கணக்கை மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு கணக்கிலும் `Subscriptions` பக்கத்தைத் திறந்து, மகளின் செயலி எதில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கணக்கோடு செயலியைத் திறந்து, அமைப்புகளில் `Restore purchases` என்று இருந்தால் தொடுங்கள். அப்படித் தொட்டால் செயலி பழைய நினைவை விட்டுவிட்டுக் கடையிடமே நேராகக் கேட்கும். பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் செயலிக்காரர்களுக்கு எழுதுங்கள். "பணம் போய்விட்டது, ஒன்றும் வரவில்லை" என்று எழுதினால் "பிளே ஸ்டோரைக் கேளுங்கள்" என்ற அச்சடித்த பதில்தான் வரும். GPA எண், வாலோடு முழுவதும். எந்த ஜிமெயிலில் வாங்கியது. செயலிக்குள் எந்த எண் அல்லது மின்னஞ்சலால் நுழைகிறீர்கள். இந்த மூன்றையும் கொடுத்து, "பிளே ஸ்டோரில் இந்த ஆர்டர் நிறைவேறியிருக்கிறது, உங்கள் பக்கம் சந்தா திறக்கவில்லை" என்று எழுதுங்கள். ஆர்டர் எண்ணைப் போட்டு அவர்களே கூகுளின் பக்கத்தில் பார்த்துக்கொள்ள முடியும், அவர்களே பணத்தைத் திருப்பித் தரவும் முடியும். முடியாது என்று சொன்னால் அது சாக்கு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் முறை சந்தா வாங்கும்போது, "பெற்றுக்கொண்டேன்" என்று செயலி மூன்று நாளுக்குள் கூகுளுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கூகுள் தானாகவே பணத்தைத் திருப்பிவிட்டுச் சந்தாவையும் ரத்து செய்துவிடும். புதுச் சந்தா திறக்காமல் நின்றால், மூன்று நாள் சும்மா இருந்தாலே பணம் திரும்பி வர வாய்ப்பு உண்டு. ஆனால் உங்களுடையது புதுப்பிப்பு. புதுப்பிப்புக்கு இந்த ஒப்புகை கிடையாது, ஆகவே தானாகத் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். இன்னொன்று, வாங்கிய 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிடமே பணத்தைத் திருப்பக் கேட்கலாம். அதைத் தாண்டினால் செயலிக்காரரிடம் போ என்று கூகுளே அனுப்பிவிடும். நேற்றுக் காலை பணம் போனது என்றால் உங்களுக்கு நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது.

வங்கியில் பற்று இருக்கிறது, பிளே ஸ்டோரில் ரசீது இல்லை என்றால் கதை வேறு. இங்கே செயலிக்காரரால் ஒன்றும் ஆகாது. அவர் கண்ணில் அந்தப் பணம் படவே இல்லை. பணம் உங்கள் கணக்கை விட்டுப் புறப்பட்டுவிட்டது, கடைக்கு உறுதிப்பாடு சேரவில்லை. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. கணக்கில் பற்று ஆகி, வணிகரின் பக்கம் உறுதிப்பாடு கிடைக்காவிட்டால், பணம் தானாகத் திரும்ப வேண்டிய கெடு ஐந்து நாள். பரிவர்த்தனை நடந்த நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள்காட்டி நாள்தான், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தி. அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு, அவர் கேட்காமலேயே. யுபிஐயில் கடைக்குச் செலுத்துவதற்கும் இணையத்தில் கார்டால் செலுத்துவதற்கும் இதே கெடுதான்.

ஒரு கதையோடு சொல்கிறேன். மேலப்பாளையத்திலிருந்து தையல் வேலை செய்கிற ஓர் அம்மாள் மைத்துனரின் கடைக்கு வந்தார். உடைகளுக்கு மாதிரி வரைகிற செயலி, மாதம் 249 ரூபாய். ஏழாம் தேதி விடியற்காலையில் பணம் எடுத்த எஸ்.எம்.எஸ். வந்திருந்தது, கணக்கிலும் பற்று இருந்தது. பிளே ஸ்டோரில் ரசீது இல்லை. `Subscriptions` பக்கத்தில், செலுத்தும் முறையைச் சரிசெய்யுங்கள் என்ற அறிவிப்பு நின்றது. யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனை இன்னும் முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் வேலை கையில் குவிந்திருக்க, அவரால் பொறுக்க முடியவில்லை. எட்டாம் தேதி கார்டால் மீண்டும் 249 கட்டிவிட்டார். செயலி திறந்துவிட்டது, GPA ரசீதும் வந்துவிட்டது. ஒன்பதாம் தேதி என்னிடம் வந்தபோது, "இரண்டு முறை பிடித்துவிட்டார்கள், வங்கியில் கார்டுப் பணத்துக்குப் புகார் எழுதப் போகிறேன்" என்றார்.

அந்தப் புகார் போயிருந்தால் தோற்றிருக்கும். இரண்டும் ஒரே தொகை. ஆனால் கார்டில் போன 249-க்கு ரசீது இருக்கிறது, சந்தாவும் ஓடுகிறது. வங்கி கேட்டால் கடை அந்த ரசீதை நீட்டும், அதோடு வழக்கு முடிந்தது. அதைவிட மோசம், நியாயமாக வாங்கிய ஒன்றை வங்கி வழியாக மறுத்தால், கூகுள் அந்தக் கணக்கில் இனி வாங்குவதையே நிறுத்தி வைக்கவும் கூடும். கேட்க வேண்டியது ஏழாம் தேதி யுபிஐ பணத்தை. "12 இலக்க எண்ணை எடுத்து வையுங்கள், பன்னிரண்டாம் தேதி முடியட்டும், அதுவரை ஒன்றும் செய்யாதீர்கள்" என்றேன். பதினொன்றாம் தேதி மாலையில் அதே 12 இலக்க எண்ணோடு 249 வரவு விழுந்தது. விழாமல் போயிருந்தால் பதின்மூன்றாம் தேதி புகார் எழுதியிருப்போம், அன்றிலிருந்தே நாளுக்கு நூறு ரூபாய்க் கணக்கும் தொடங்கியிருக்கும்.

ஆகவே உங்களுக்கும் அதே யோசனைதான்: ரசீது இல்லையென்றால், முதல் பணம் எங்கே என்று தெரிகிறவரை இரண்டாவது முறை கட்டாதீர்கள். புதுப்பிப்பு தவறினால் பல செயலிகள் சில நாள் சலுகைக் காலம் கொடுக்கின்றன, அதற்குப் பின்தான் பூட்டும். பிளே ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில் எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும். மகளுக்கு இந்த வாரமே தேர்வு, காத்திருக்க முடியாது என்றால் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பணம் எதற்கு என்று இரண்டு எண்களையும் தனித்தனியே குறித்துவிட்டுக் கட்டுங்கள்.

ஐந்து நாள் தாண்டிவிட்டால் முதலில் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள். அதற்கு ஓர் எண் கிடைக்கும். பிறகு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். வங்கி மேசையில் "செயலி வேலை செய்யவில்லை" என்று ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் உங்களை வாசலுக்கு அனுப்பிவிடுவார், அவர் மேல் குற்றமும் இல்லை. "கணக்கில் பற்று ஆகியிருக்கிறது, வணிகர் பக்கம் உறுதிப்பாடு கிடைக்கவில்லை, ஐந்து நாள் கடந்துவிட்டது" என்று சொல்லுங்கள். சுற்றறிக்கையிலும் இந்த வகைக்கு ஏறத்தாழ இப்படித்தான் பெயர், ஆகவே அவருக்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று உடனே தெரியும். 12 இலக்க எண், தேதி, தொகை, பிளே ஸ்டோரில் அந்தத் தேதியில் ஆர்டர் இல்லாத திரையின் படம், இவ்வளவு போதும். புகார் எண் வாங்காமல் எழுந்து வராதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in பக்கத்தில் போகலாம், கட்டணம் இல்லை. 399 ரூபாய்க்கு அங்கே வரை போவதா என்று கேட்பார்கள். போகிறேன் என்று சொன்னாலே பல நேரம் கோப்பு நகரும்.

பணம் கணக்கை விட்டே போகவில்லை, புதுப்பிப்பு மட்டும் தோற்றிருக்கிறது என்றால் அது எளிது, யாரிடமும் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் இருப்பு போதாததுதான் காரணம். 2025 ஆகஸ்ட் முதல் யுபிஐ ஆட்டோபே நெரிசல் இல்லாத நேரத்தில்தான் ஓடுகிறது: காலை பத்து மணிக்கு முன், பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை, இரவு ஒன்பதரைக்குப் பின். சம்பளம் மதியம் ஏறும் கணக்கில் விடியற்காலையில் கை வைத்தால் என்ன இருக்கும்? ஒரு முறை தோற்றால் இன்னும் மூன்று முயற்சி வரை உண்டு, ஆகவே முந்தின இரவே பணத்தைப் போட்டு வைத்தால் சரி. கார்டாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். 2020 மார்ச் முதல், புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் ஏடிஎம்முக்கும் கடையில் தேய்ப்பதற்கும் மட்டும்தான் திறந்து வருகின்றன. இணையப் பயன்பாட்டை நீங்களே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும், வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் சர்வதேசப் பயன்பாட்டையும். அடுத்தது, கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்திருந்தால் பழைய கார்டில் கொடுத்த அனுமதி செல்லாமல் போயிருக்கலாம். பிளே ஸ்டோரில் புதுக் கார்டைச் சேர்த்து, ஓடிபி கொடுத்து மறுபடி அனுமதி தர வேண்டும். வங்கிக்குப் போக வேண்டியது, இவை எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால் மட்டும்.

இவ்வளவும் பிளே ஸ்டோர் பணம் வாங்கியிருந்தால்தான். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கியதாலேயே பணமும் அங்கேதான் போயிற்று என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் சில செயலிகள் கட்டும் இடத்தில் தங்கள் சொந்த வழியையும் ஒரு தெரிவாக வைக்கின்றன; சில படிப்புச் செயலிகள் தங்கள் இணையதளத்திலேயே வாங்கிவிடுகின்றன. வங்கிக் கணக்கு வரியில் கூகுளின் பெயர் இருக்கிறதா, செயலிக்காரர் பெயரோ பணம் வசூலிக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் இல்லையென்றால் கடை என்ற வாசலே கிடையாது. ரசீதும் திருப்பலும் செயலிக்காரரிடம்தான், அவரிடம் ரசீது இல்லையென்றால் அதே ஐந்து நாள் கணக்கோடு வங்கி. ஐபோனாக இருந்தால் இதற்கு நேர்மாறு: அங்கே செயலிக்காரரால் பணத்தைத் திருப்பித் தரவே முடியாது, reportaproblem.apple.com பக்கத்தில் ஆப்பிளிடம்தான் கேட்க வேண்டும்.

எந்த வாசலாக இருந்தாலும் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். "வாடிக்கையாளர் சேவை" என்று முதலில் வருகிற எண்ணுக்குப் பேசி, திரையைப் பகிரச் சொன்னதும் பகிர்ந்து, 399-ஐத் தேடப் போய் முப்பதாயிரம் இழந்தவர் ஒருவரை எங்கள் கடையிலேயே பார்த்தேன். பணத்தைத் திருப்பித் தருவதற்கு யாருக்கும் உங்கள் யுபிஐ பின் தேவையில்லை. அப்படி ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

நீங்கள் முடிவாகப் பணத்தைத் திரும்பப் பெற்றுச் சந்தாவே வேண்டாம் என்று தீர்மானித்தால், செயலியை நீக்குவதோடு நிற்காதீர்கள். செயலியை நீக்கினாலும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். யுபிஐ செயலியில் ஆட்டோபேயை மட்டும் ரத்து செய்தால், கடை அதைப் பணம் தவறியதாக எடுத்துக்கொண்டு சந்தாவை நிறுத்தி வைத்து உங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். முதலில் பிளே ஸ்டோரின் `Subscriptions` பக்கத்தில் ரத்து செய்யுங்கள், பிறகு யுபிஐ செயலியில் அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.